தாராவிப் படத்துக்கு இத்தாலிய சப்டைட்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதுங்கா, செம்பூர், தாராவிப் பக்கம் குறும்படம் எடுக்கும் நம் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் பாதி ஒரே காட்சியைச் சுற்றி வரும். நான் சப்டைட்டில் போட்ட ஒரு தாராவிப் படத்தில் வருகிற காட்சி அது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஆங்கில சப்டைட்டில் ஏற்கெனவே ரெடி. அதையே இத்தாலிக்காரர் ஒருத்தரிடம் கொடுத்து மாத்தி வாங்கினால் போதாதா?

படம் முழுக்க அடிதடி என்றால் போதும். உறவுதான் கதை என்றால் போதாது.

நான் சொன்ன காட்சியைப் பாருங்கள். செல்விக்கும் தம்பி முருகனுக்கும் நடுவே பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. செல்வியின் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. முருகன் கூப்பிடாமலே வந்து வாசலில் நிற்கிறான். வசனம் இவ்வளவுதான்:

முருகன்: அக்கா…
செல்வி: வாங்க. உக்காருங்க.
முருகன்: அத்தான் இல்லையா?
செல்வி: வேலைக்குப் போயிருக்காரு. என்ன வேணும் உங்களுக்கு?
முருகன்: ஞாயித்துக்கிழமை பிள்ளைக்குக் காது குத்துறீங்களாமே. யாரு மடியில உக்கார வைக்கப் போறீங்க?
செல்வி: பக்கத்து வீட்டு அண்ணன் உக்காந்துக்குவாரு.
(முருகன் ஒரு ஜோடிக் கம்மலைத் தரையில் வைக்கிறான்.)
முருகன்: அம்மாவோடது.
செல்வி: போடா… சாப்பிட்டியா?

தூக்கி வளர்த்த தம்பியை அக்கா ‘வாங்க’ என்கிறாள். தமிழ் தெரிந்தவனுக்கு அந்த ஒரு சொல் போதும், கன்னத்தில் விழுந்த அறை அது. கடைசியில் ‘போடா’ என்கிறாள், சண்டை தீர்ந்தது. காட்சியின் கதையே ‘வாங்க’விலிருந்து ‘போடா’வுக்கு வருவதுதான். ஆங்கிலத்திலோ நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கில வரியை மட்டும் பார்க்கும் இத்தாலிக்காரர், அக்கா தம்பிதானே என்று முதலிலிருந்தே இப்படி எழுதிவிடுவார்:

```
Entra, siediti.
```

அது ‘உள்ள வா, உக்காரு’. அவர் மேல் தப்பே இல்லை, அவருக்கு வந்த தாளில் அதற்கு மேல் எதுவும் கிடையாது. ஆங்கிலம் வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால், ஆங்கிலக் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறிப்புப் பத்தி வையுங்கள். யார் யாரிடம் பேசுகிறார், நீயா நீங்களா, அது வழக்கமா அல்லது இந்தக் காட்சியில் மாறியதா என்ற மூன்றும் அதில் இருந்தால் அவர் சமாளித்துக்கொள்வார்.

இத்தாலியத்தில் மரியாதை எத்தனை படி? நம்ம நீ, நீங்க மாதிரிதானே?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். நெருக்கமானவரை ‘தூ’ என்பார்கள். (நமக்குக் கேட்க ஒரு மாதிரி இருக்கும். பழகிவிடும்.) தெரியாதவர், அதிகாரி, கடைக்கு வந்தவர் என்றால் ‘லெய்’. பலரைச் சேர்த்துச் சொல்ல ‘வோய்’. நம்மைப் போலவே அவர்களும் எழுவாயை விட்டுவிட்டு வினையின் விகுதியிலேயே ஆளைக் காட்டுவார்கள். ‘வந்தியா’, ‘வந்தீங்களா’ என்ற வேற்றுமை அங்கேயும் வினையில்தான் இருக்கிறது. அந்த மட்டில் ஆங்கிலத்தை விட இத்தாலியம் நமக்கு வசதி.

வித்தியாசம் எங்கே என்றால், நாம் ‘நீங்க’வை வயதுக்கும் உறவுக்கும் கொடுக்கிறோம், அவர்கள் ‘லெய்’யைப் பழக்கம் இல்லாததற்குக் கொடுக்கிறார்கள். இன்றைய இத்தாலியில் மகன் அப்பாவிடம் ‘தூ’ என்றுதான் பேசுவான், பாட்டியிடமும் அப்படியே. வீட்டுக்குள் யாராவது ‘லெய்’ போட்டால் வக்கீல் நோட்டீஸ் வாசிப்பதுபோல் இருக்கும். அதனால் ‘நீங்க’ வந்த இடமெல்லாம் ‘லெய்’ போடுவது பெரிய தவறு. பாசமான குடும்பம் திரையில் ஏதோ அலுவலகம்போல் ஆகிவிடும்.

‘வோய்’யை ஒருவரிடமே மரியாதையாகச் சொல்லும் வழக்கமும் உண்டு. நாப்போலி, கலாப்ரியா போன்ற தெற்குப் பகுதிகளில் பெரியவர்களிடம் இன்னும் கேட்கலாம். 1938-இல் முசோலினி அரசு ‘லெய்’யை ஒதுக்கி ‘வோய்’தான் பேச வேண்டும் என்று உத்தரவே போட்டது. பழங்காலக் கதைகளின் டப்பிங்கிலும் அதைக் கேட்கலாம். அதனால்தான் நம் ‘நீங்க’வுக்கு அது பொருந்தும் என்று சிலருக்கு ஆசை வருகிறது. வேண்டாம். பார்ப்பவருக்கு அரண்மனையோ நாப்போலியோதான் நினைவுக்கு வரும், தாராவி வராது.

அப்படியானால் அப்பாவிடம் பேசும் ‘நீங்க’, புருஷனிடம் சொல்லும் ‘என்னங்க’ எல்லாம் காணாமல் போகுமே?

போகும். போகட்டும் என்று விடுவதுதான் சரி. படம் முழுக்க மாறாமல் இருக்கிற மரியாதை, தமிழ் பார்வையாளரின் காதிலும் தனியாக விழுவதில்லை. அதைக் காப்பாற்றப் போய் ‘லெய்’ போட்டால் இல்லாத விரிசலை உண்டாக்கிவிடுவோம். வழக்கமான மரியாதைக்கெல்லாம் ‘தூ’, மரியாதை திடீரென்று மாறுகிற இடத்தில் மட்டும் ‘லெய்’. நான் வைத்துக்கொண்டிருக்கிற கணக்கு இதுதான்.

‘என்னங்க’வுக்கு ‘கேளேன்’ என்ற பொருளில் ‘சென்தி’ என்று ஒரு சொல் இருக்கிறது. பெயரைத் தவிர்த்துக் கூப்பிடுவதும் நடக்கும், சின்னதாகவும் இருக்கும். ‘அன்பே’ வகைச் சொற்களைப் போட்டுவிடாதீர்கள். நம் ஊர் மனைவி நாலு பேர் முன்னால் அப்படிக் கூப்பிட மாட்டாள்.

படர்க்கையில் கொஞ்சம் வேலை இருக்கிறது. புருஷனை ‘அவர்’ என்றே சொல்லிவந்தவள் ஒரு நாள் ‘அவன்’ என்றால் இத்தாலியத்தில் அதைக் காட்ட விகுதி கிடையாது. முன்பு ‘என் கணவர்’ என்று எழுதிய இடத்தில் இப்போது ‘அந்த ஆள்’ என்ற தொனியில் `quello lì` என்று எழுதினால் அந்த வெறுப்பு வந்துவிடும்.

சரி, அந்த அக்கா தம்பி காட்சியை நீங்கள் எப்படிப் போட்டீர்கள்?

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வரிக்கு 42 எழுத்துக்குள், இரண்டு வரிக்கு மேல் கூடாது, வினாடிக்கு சுமார் 17 எழுத்து. இத்தாலியத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் வைத்திருக்கும் அளவும் இதுதான், இடைவெளியும் நிறுத்தற்குறியும் சேர்த்து எண்ண வேண்டும்.

‘வாங்க. உக்காருங்க.’ என்பதைச் சொல்ல ஒன்றரை வினாடி ஆகிறது என்றால் 25 எழுத்து கிடைக்கும்.

```
12
00:04:10,200 --> 00:04:11,700
Prego, si accomodi.
```

இது 19 எழுத்து. டாக்டரின் வரவேற்பறையில் சொல்வது இது. அக்கா தம்பியிடம் சொன்னால் இத்தாலிக்காரர் நிமிர்ந்து உட்கார்வார். வேறு எங்கேயும் ‘லெய்’யைச் செலவழிக்காமல் வைத்திருந்ததால் இங்கே அது வேலை செய்கிறது. இந்தக் காட்சிக்கு முன்னால் இருவரும் ‘தூ’ பேசுவது ஒரு தடவையாவது திரையில் வந்திருக்க வேண்டும். இந்தப் படத்தில் சின்ன வயதுக் காட்சி ஒன்று இருந்தது, அதில் அதைக் கவனமாகப் போட்டுவைத்தேன்.

```
13
00:04:13,000 --> 00:04:14,300
Tuo marito non c'è?

14
00:04:14,900 --> 00:04:16,900
È al lavoro. Desidera?
```

அத்தானை ‘உன் கணவர்’ ஆக்கியிருக்கிறேன். முருகன் ‘தூ’விலேயே நிற்கிறான் என்பது முக்கியம். அவள் விலகுகிறாள், இவன் விடவில்லை. இவனும் ‘லெய்’க்குப் போயிருந்தால் கெஞ்சல் போய்ப் பதிலடி ஆகியிருக்கும். ‘என்ன வேணும் உங்களுக்கு’ என்பதற்கு வந்த `Desidera?` கடைக்காரர் வாடிக்கையாளரிடம் கேட்பது. அசலை விடக் குத்தல் ஒரு பொட்டு கூடுதலோ என்று யோசித்தேன். நடிகையின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே விட்டுவிட்டேன்.

```
15
00:04:18,000 --> 00:04:21,000
So che domenica forate le orecchie
al bambino.

16
00:04:21,200 --> 00:04:24,200
Tocca allo zio tenerlo in braccio.
Chi lo terrà?
```

‘காது குத்துறீங்களாமே’ என்பதில் இருக்கிற ‘ங்க’ மரியாதை இல்லை, பன்மை. குடும்பமாகச் சேர்ந்து குத்துகிறார்கள். அதனால்தான் `forate` என்று பன்மை வினை வந்திருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே உருவம் என்பதால் இங்கே நிதானிக்க வேண்டும். முருகன் அக்காவுக்கு மரியாதை கொடுக்கிறான் என்று எடுத்துக்கொண்டால் மொத்தமும் குழம்பிவிடும்.

அடுத்த வரியில் அசலில் இல்லாத ஒரு விஷயத்தைச் சேர்த்திருக்கிறேன். காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பது வழக்கம் என்று நமக்குத் தெரியும். அது தெரியாமல் ‘யாரு மடியில’ என்ற கேள்வியைப் படித்தால் ஒன்றும் புரியாது. அதனால் ‘மாமன்தான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்’ என்பதை அவன் வாயிலேயே கொடுத்துவிட்டேன். மொத்தம் 47 எழுத்து. அவன் பேசி முடிக்க இரண்டரை வினாடிதான் ஆகிறது, ஆனால் செல்வி உடனே பதில் சொல்வதில்லை. அந்த மௌனத்தில் அரை வினாடியைக் கடன் வாங்கினேன். ‘தாய்வழி மாமன்’ என்று துல்லியமாகச் சொல்ல இத்தாலியத்தில் வழி உண்டு, ஆனால் அது வாரிசுச் சான்றிதழ் மொழி. திரையில் நிற்கிற ஒரே மாமன் முருகன்தான், அது போதும்.

```
17
00:04:26,000 --> 00:04:28,000
Il vicino. Per me è un fratello.
```

செல்வி குத்துகிற ஊசி ‘அண்ணன்’ என்ற சொல்லில் இருக்கிறது. நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அண்ணன் ஆவது சாதாரணம், அந்தச் சாதாரணத்துக்குள் அவள் ஊசியை ஒளித்து வைக்கிறாள். இத்தாலியத்தில் ஒளிக்க இடமில்லை. ‘பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு அவர் அண்ணன்’ என்று வெளிப்படையாகத்தான் வரும். நுணுக்கம் கொஞ்சம் குறைந்தது, காயம் குறையவில்லை.

```
18
00:04:35,000 --> 00:04:36,500
Erano di mamma.

19
00:04:40,000 --> 00:04:41,000
Scemo…

20
00:04:42,100 --> 00:04:43,400
Hai mangiato?
```

கடைசி இரண்டையும் ஒரே சப்டைட்டிலில் போட்டால், அவள் வாய் திறப்பதற்கு முன்பே பார்வையாளர் ‘சாப்பிட்டியா’வைப் படித்துவிடுவார். அதனால் பிரித்தேன். `Hai` என்று ‘தூ’ வினை வந்த நொடியில் ‘லெய்’ உடைகிறது. ‘சாப்பிட்டியா’வுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அங்கேயும் பாசத்தைச் சோற்றில்தான் காட்டுவார்கள்.

‘மாமா’வை என்ன செய்வது? அகராதியில் ‘ட்ஸியோ’ என்று இருக்கிறது.

ஒவ்வொரு ‘மாமா’வுக்கும் முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அம்மாவின் தம்பி என்றால் ‘ட்ஸியோ’ சரி. மாமனார் என்றால் ‘சுவோச்செரோ’, ஆனால் அதை யாரும் கூப்பிடப் பயன்படுத்துவதில்லை, பெயரைத்தான் சொல்வார்கள். சில குடும்பங்களில் மனைவி கணவனையே ‘மாமா’ என்பாள். அங்கே ‘ட்ஸியோ’ போட்டீர்களோ, அடுத்த காட்சியில் அவர்கள் கட்டிப்பிடிக்கும்போது அரங்கமே சங்கடத்தில் நெளியும். அந்த இடத்தில் கணவன் பெயரைப் போடுங்கள். தெருவில் போகிற பெரியவரை ‘மாமா’ என்றால் ‘சின்யோரே’. மிலான் பக்கத்து இளவட்டங்கள் ‘டேய் மச்சி’ போலவும் ‘ட்ஸியோ’வைப் பயன்படுத்துகிறார்கள், அதுவும் நினைவில் இருக்கட்டும்.

தலைகீழான குழியும் ஒன்று உண்டு. இத்தாலியத்தில் ‘நிப்போத்தே’ என்றால் பேரனும்தான், அக்கா மகனும்தான். பாட்டியும் மாமனும் ஒரே காட்சியில் இருந்து, பையனை அப்படிச் சொன்னால் யாருக்கு யார் என்று தெரியாது. ‘அவள் மகன்’ என்று சுற்றிச் சொல்லிவிடுங்கள்.

ஒரு சந்தோஷமும் இருக்கிறது. சம்பந்திக்கு நேரான சொல் இத்தாலியத்தில் உண்டு: `consuoceri`. ஆங்கிலம் வழியாகப் போனால் ‘மருமகளின் பெற்றோர்’ என்று நீட்டி முழக்கி வந்து சேரும்.

அக்கா, அண்ணா என்று கூப்பிடுவதையெல்லாம் பெயராக மாற்றலாமா? மரியாதைக் குறைவாக இருக்காதா?

அவர்களுக்கு இருக்காது. இத்தாலியில் அக்காவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முருகனின் முதல் ‘அக்கா…’வை `Selvi…` என்றுதான் போட்டேன். அவள் அக்கா என்பது சின்ன வயதுக் காட்சியிலேயே தெரிந்துவிட்டதால் பிரச்சினை வரவில்லை. தமிழில் பெயரே சொல்லாமல் முழுப் படமும் ஓடும், இத்தாலியத்தில் ஓடாது. ஆகவே யாருக்கு என்ன பெயர் என்று இயக்குநரிடம் முதலிலேயே கேட்டு வாங்குங்கள். திரைக்கதையில் பெயரே இல்லாத ‘அத்தை’களுக்கு அவரே ஒரு பெயர் வைக்கட்டும்.

பெயரிலும் ஒரு வில்லங்கம். இத்தாலியத்தில் ‘அ’ ஓசையில் முடிகிற பெயர் பெரும்பாலும் பெண் பெயர். லூக்கா, அந்த்ரேயா போன்றவை விதிவிலக்கு. நம் ராஜா, சூர்யா, சிவா எல்லாம் எழுத்தில் பெண்ணாகத் தெரிவார்கள். ஆள் திரைக்கு வருமுன் பெயர் மட்டும் பேச்சில் வந்தால், அந்த முதல் வரியிலேயே ஆண்பால் காட்டும் வினை உருவம் வரும்படி அமையுங்கள்: `È arrivato Raja?`

டா, டி?

பெரும்பாலும் விட்டுவிடுவேன். ‘தூ’ வினையே பாதியைச் சுமந்துவிடும், மீதியைக் குரல் சொல்லும். அதுவே வசைச்சொல்லாகவோ அணைப்பாகவோ வரும்போது மட்டும் தனிச்சொல் தேடுங்கள். மேலே ‘போடா’வுக்கு ‘மக்கு’ என்கிற தொனியில் வந்த சொல் அப்படித்தான்.

ஞானஸ்நானத் தந்தை என்று ஒரு உறவு அவர்களிடம் இருக்கிறதே. தாய்மாமனுக்கு அதைப் போட்டால் சட்டென்று புரியாதா?

`padrino` சட்டென்றுதான் புரியும், ஆனால் வேறு ஒன்றாகப் புரியும். ஒரு பக்கம் சர்ச், இன்னொரு பக்கம் மாஃபியா தலைவன். அதோடு, பெற்றோர் விருப்பப்பட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள் அவர். தாய்மாமனை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, பிறப்பால் வருகிற உரிமை அது. முருகனின் கோபமே ‘என் உரிமையை இன்னொருத்தனுக்குக் கொடுத்துட்டியே’ என்பதுதான். அந்தச் சொல்லைப் போட்டால் செல்வி செய்தது நியாயம் என்று ஆகிவிடும்.

மொய், சீர், தாலி போன்றவற்றிலும் இதே கேள்வியைத்தான் கேட்கிறேன்: இந்தக் காட்சியில் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது? மொய் நோட்டை வைத்துச் சண்டை என்றால் ‘நாங்கள் கொடுத்த பணம்’ என்று எழுதினால் போதும். தாலியைக் கழற்றினால் படமே பேசிவிடும், சப்டைட்டில் வாயை மூடிக்கொள்ளலாம்.

எங்கள் ஆட்கள் நடுவில் ஹிந்தி பேசுகிறார்கள். அதை எப்படிக் காட்டுவது?

பெரும்பாலும் காட்ட வேண்டாம். தாராவியில் மொழி மாறுவது மூச்சு விடுவதுபோல. வீட்டுக்காரர் புரிந்துகொள்ளக் கூடாது என்றே ஒருவர் மொழி மாற்றினால் மட்டும், மற்றவர் வாயில் ‘என்ன சொன்னான்?’ என்ற தொனி தெரியும்படி எழுதுங்கள்.

கோப்பு அனுப்பினேன், திரையில் எழுத்தெல்லாம் கோணல் மாணலாக வருகிறது.

UTF-8 ஆகச் சேமியுங்கள். `È` இருக்கிற இடத்தில் `E'` என்று தட்டச்சு செய்யாதீர்கள். இத்தாலிக்காரர் கண்ணுக்கு அது அவசரத்தில் அடித்த செல்போன் செய்தி.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு இத்தாலியம் அரைகுறைதான்.

தமிழ் தெரியாத இத்தாலிக்காரர் ஒருவரிடம் காட்டுங்கள். இலக்கணம் பாருங்கள் என்று கொடுத்தால் இலக்கணம் மட்டும்தான் திருந்தும். படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: இவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு, எந்த இடத்தில் கோபம், எந்த இடத்தில் அது தீர்ந்தது? உறவைத் தப்பாகச் சொன்னால் பெயரிலோ ‘ட்ஸியோ’விலோ கோளாறு. கோபத்தைக் கவனிக்கவே இல்லை என்றால் ‘லெய்’யை வேறெங்கோ வீணாக்கியிருக்கிறீர்கள்.

‘லெய்’ வினையும் படர்க்கை வினையும் ஒரே உருவம் என்பதால் இன்னொரு குழப்பமும் வரலாம். கீழே இருப்பது ‘சாப்பிட்டீங்களா?’ என்றும் படும், ‘அவன் சாப்பிட்டானா?’ என்றும் படும்:

```
Ha mangiato?
```

‘யாரைப் பற்றிக் கேட்கிறாள்?’ என்று அவர் உங்களைத் திருப்பிக் கேட்டால் அதுதான் காரணம். அந்த வரியில் பெயரையோ `signore` போன்ற விளியையோ சேர்த்தால் சரியாகிவிடும்.